சான்று தாங்கும் சொல்

(சிறு உணவுத் தயாரிப்பாளர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் அச்சு வடிவம்)



மேசை மேல் ஒரு சத்துமாவுப் பாக்கெட்டை வைத்திருக்கிறேன். இது எந்த ஒரு கடையின் பாக்கெட்டும் இல்லை. பல பாக்கெட்டுகளில் படித்த வாசகங்களைச் சேர்த்து நானே ஒட்டிய மாதிரி. முன்பக்கத்தைப் படிக்கிறேன்: ‘100% இயற்கையானது. ஆர்கானிக். ரசாயனம் துளியும் இல்லை. பிரிசர்வேட்டிவ் சேர்க்காதது. பாரம்பரியத் தயாரிப்பு. சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்.’ மொத்தம் ஆறு வாக்கியம். தயாரித்தவர் பொய்யர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கேழ்வரகை நல்ல உழவர்களிடம் வாங்குகிறார், வீட்டுக்குச் செய்வதுபோலச் செய்கிறார். ஆனாலும் இந்த ஆறில் பெரும்பாலானவற்றை அவரால் இப்போதிருக்கும் வடிவில் நிரூபிக்க முடியாது. எந்த வாக்கியத்தை எப்படி மாற்றினால் கையில் இருக்கும் சான்று அதைத் தாங்கும் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆர்கானிக் சான்றிதழ் பொருளுக்குத் தரப்படுவது இல்லை, முறைக்குத் தரப்படுவது. இந்த நிலத்தில், இந்தப் பயிர், இந்த விதிகளின்படி விளைந்தது. இந்த ஆலையில், இந்த விதிகளின்படி அரைபட்டது. சான்று சொல்வது இவ்வளவுதான். பாக்கெட்டில் நாம் எழுதுவதோ பெரும்பாலும் பொருளைப் பற்றியது: தூய்மையானது, நச்சற்றது, உடலுக்கு நல்லது. சான்றுக்கும் சொல்லுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியில்தான் வழக்குகள் பிறக்கின்றன.

‘ஆர்கானிக்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். மற்ற சொற்களைவிட இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

2017இல் வந்த ஆர்கானிக் உணவு ஒழுங்குமுறை 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு உணவை ஆர்கானிக் என்று விற்க இந்தியாவில் முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, அபெடா நடத்தும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம், அதாவது என்.பி.ஓ.பி. வெளியார் வந்து ஆய்வு செய்து சான்று தரும் முறை அது. நம் ஊரில் கோயம்புத்தூரிலிருந்து இயங்கும் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறையும் அந்தத் திட்டத்தின் கீழ்தான் சான்று தருகிறது. இரண்டாவது, உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உறுதிமுறை, பி.ஜி.எஸ். இந்தியா. எந்த வழியில் வந்தாலும் பாக்கெட்டில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையோடு, சான்றளித்த முறையின் முத்திரையும் வரும்.

நம் சத்துமாவுக்காரரிடம் ‘உங்கள் சான்று எங்கே’ என்று கேட்டால் ஒரு தாளை நீட்டுவார். வாங்கிப் பார்த்தால் அது கேழ்வரகு விளைவித்த உழவர் குழுவின் சான்றாக இருக்கும். இந்தத் தவறைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சான்றில் யார் பெயர் இருக்கிறது, எந்தப் பயிர் இருக்கிறது, சாகுபடியா பதப்படுத்தலா வணிகமா, எந்தத் தேதி வரை செல்லும் என்று நான்கு விஷயங்கள் எழுதியிருக்கும். உழவரின் சாகுபடிச் சான்று உழவர் விற்கும் கேழ்வரகுக்கு மட்டுமே பேசும். அந்தக் கேழ்வரகை வாங்கி, வறுத்து, அரைத்து, தன் பெயரில் பாக்கெட் போடுகிறவருக்குப் பதப்படுத்தலுக்கான சான்று தனியாக வேண்டும். அதில் ‘சத்துமாவு’ என்ற பொருள் பெயரும் இருக்க வேண்டும். கேழ்வரகு மாவுக்கு வாங்கிய சான்றை வைத்துச் சத்துமாவு விற்க முடியாது.

அடுத்தது சங்கிலி அறுபடும் இடம். சத்துமாவில் பொட்டுக்கடலை உண்டு. சான்று பெற்ற கொண்டைக்கடலையை வாங்கி, பக்கத்து ஊர் வறுகடலை மில்லில் கூலிக்கு வறுத்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மில் இவருடைய சான்றின் எல்லைக்குள் இல்லை என்றால், உள்ளே போனது ஆர்கானிக் கடலை, வெளியே வந்தது சாதாரணப் பொட்டுக்கடலை. கடலை மாறவில்லை என்று அவர் வாதிடலாம். ஆனால் காலையில் அதே சட்டியில் வேறு என்ன வறுபட்டது, மூட்டை மாறியதா, கிடங்கில் வண்டுக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்தார்களா என்று யாரும் பார்த்து எழுதவில்லையே! கூலிக்கு அரைக்கும் இடம் எதுவானாலும் அதையும் சான்றுக்குள் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொருளைச் சாதாரணப் பொருளாகக் கணக்கில் எழுத வேண்டும்.

இப்படிச் சாதாரணமாக எழுதினால் என்ன ஆகும்? அதற்குக் கணக்கு இருக்கிறது. பல பொருள்கள் கலந்த உணவில், எடையில் குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்ற பொருளாக இருந்தால் முன்பக்கத்தில் ‘ஆர்கானிக்’ என்று எழுதலாம். 70க்கு மேல், 95க்குக் கீழ் என்றால் ‘ஆர்கானிக் பொருள்களைக் கொண்டு செய்தது’ என்று மட்டுமே எழுத வேண்டும். 70க்கும் கீழே போனால் முன்பக்கத்தில் அந்தப் பேச்சே கூடாது; பின்பக்கப் பொருள் பட்டியலில் அந்தந்தப் பொருளுக்கு எதிரே குறிக்கலாம். தண்ணீரும் உப்பும் இந்தக் கணக்கில் சேராது.

நம் நண்பர் ஒரு தடவைக்கு 100 கிலோ போடுகிறார். கேழ்வரகு 40, கம்பு 20, தினை 15, பச்சைப்பயறு 12, பொட்டுக்கடலை 8. இவை ஐந்தும் சான்றுடன் வந்தவை. சேர்த்தால் 95 கிலோ. முந்திரி 3, பாதாம் ஒன்றரை, ஏலக்காய் அரை கிலோ. இவற்றுக்குச் சான்றுடன் சரக்கு கிடைக்கவில்லை. கூட்டினால் 100. எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறார், ஆனால் நிற்கிறார். தீபாவளிச் சமயத்தில் வாடிக்கையாளர் கேட்டார்கள் என்று முந்திரியை 5 கிலோ ஆக்குகிறார். மொத்தம் 102 ஆயிற்று, சான்றுள்ளது அதே 95. விகிதம் 93.1. அந்தத் தொகுதி முழுவதும் ‘ஆர்கானிக் சத்துமாவு’ என்ற பெயரை இழந்துவிட்டது. கவர் மட்டும் பழைய கவர்! பொட்டுக்கடலை மில் கதையையும் சேர்த்துப் பாருங்கள். அந்த 8 கிலோவும் போனால் முதல் கணக்கே 87 சதவீதம்தான். அரை கரண்டி ருசிக்காக மாற்றுவது வீட்டில் சமையல். பாக்கெட்டில் அது சட்ட மாற்றம். ஆகவே செய்முறை அளவை எழுதிக் கையொப்பமிட்டு வைக்க வேண்டும். அளவு மாறும்போது லேபிளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. ஒரே பொருளில் சான்றுள்ளதும் இல்லாததும் கலக்கக் கூடாது. கேழ்வரகு தட்டுப்பாடு வந்தால் 30 கிலோ சான்றுள்ளது, 10 கிலோ சந்தையில் வாங்கியது என்று போட வழியில்லை.

ஆய்வாளர் வரும்போது மாவை முகர்ந்து பார்ப்பதில்லை, கணக்கைத்தான் பார்ப்பார். என்.பி.ஓ.பி. முறையில் சான்றுள்ள சரக்கு ஒவ்வொரு முறை கை மாறும்போதும் அந்த அளவுக்குப் பரிவர்த்தனைச் சான்று ஒன்று உண்டு. டி.சி. என்று சொல்வார்கள். ஓர் ஆண்டில் 2,000 கிலோ கேழ்வரகுக்கு டி.சி. இருக்கிறது. செய்முறையில் கேழ்வரகு 40 சதவீதம். ஆக, மொத்தம் 5,000 கிலோ கலவை போட முடியும். புடைத்து, வறுத்து, அரைப்பதில் 8 சதவீதம் குறைகிறது என்று அவரே பதிவேட்டில் எழுதியிருக்கிறார். 4,600 கிலோ மாவு வரும். விற்பனை பில்களைக் கூட்டினால் 6,000 கிலோ. மீதி 1,400 கிலோ எங்கிருந்து வந்தது? சோதனைச்சாலை கண்டுபிடிக்காத கலப்படத்தை இந்தக் கூட்டல் கழித்தல் கண்டுபிடித்துவிடும். நேர்மையானவர்களும் இதில் மாட்டுவார்கள். காரணம், பழைய இருப்பைப் பதிவேட்டில் ஏற்றாமல் விடுவது.

நிலத்தை இப்போதுதான் மாற்றத் தொடங்கியிருக்கும் உழவர்களும் இங்கே இருப்பீர்கள். ஓராண்டுப் பயிருக்கு, விதைப்பதற்கு முன்பே இரண்டு ஆண்டு மாறுதல் காலம் முடிந்திருக்க வேண்டும். தென்னை, மா போன்றவற்றுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டு. அந்தக் காலத்தில் விளைந்ததை ‘ஆர்கானிக்’ என்று சொல்லக் கூடாது. ‘மாறுதல் காலத்தில் விளைந்தது’ என்றே சொல்ல வேண்டும். பி.ஜி.எஸ். முறையில் இதற்குப் ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்று தனி முத்திரையே இருக்கிறது. அந்தப் பச்சை முத்திரையைக் காட்டி ஆர்கானிக் என்று விற்பது ஏமாற்று வேலை. தெரியாமல் செய்தாலும் அதன் பெயர் மாறாது.

சிறு உழவர்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருப்பவர், தாமே விளைவித்ததைத் தாமே நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் சான்று இல்லாமல் விற்கலாம். ஜைவிக் பாரத் முத்திரை மட்டும் கூடாது. இதைப் பலர் ‘சின்ன ஆளுக்குச் சட்டம் இல்லை’ என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். நேரடியாக என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே அரிசியைச் சென்னைக் கடைக்காரர் வாங்கித் தன் அலமாரியில் ‘ஆர்கானிக்’ என்று வைத்தால் விலக்கு உங்களோடு நின்றுவிட்டது. இப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது, பெயரை விட்டுவிட்டுச் செயலைச் சொல்லுங்கள் என்பதுதான். ‘எங்கள் வயலில் 2021 ஆடி முதல் ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இடவில்லை’ என்று எழுதலாம், அது உண்மையாக இருந்தால். அதற்கு வயல் குறிப்பேடும், இடுபொருள் பில்களும், விதை எங்கே வாங்கினீர்கள் என்ற விவரமும் துணை நிற்கும். என்னைக் கேட்டால், ‘ஆர்கானிக்’ என்ற ஒற்றைச் சொல்லைவிட இந்த வாக்கியம்தான் வாங்குபவருக்கு அதிகம் சொல்கிறது.

அடுத்து, ‘ரசாயனம் துளியும் இல்லை’. இந்த வாக்கியத்துக்கு உலகத்தில் எங்கும் சான்று கிடையாது. ஆர்கானிக் உணவில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கவே கூடாது என்று நம் சட்டமே சொல்லவில்லை. சாதாரண உணவுக்கு அனுமதித்த எச்ச அளவில் 5 சதவீதம், அல்லது கருவி அளந்து சொல்லக்கூடிய குறைந்தபட்ச அளவு, இரண்டில் எது அதிகமோ அதுதான் வரம்பு. காரணம் எளிது. பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வரும். எப்போதோ போட்ட டி.டி.டி. மண்ணில் கிடக்கும். வாய்க்கால் தண்ணீர் யார் வயலைத் தாண்டி வருகிறது என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை.

‘ஆனால் எங்களிடம் லேப் ரிப்போர்ட் இருக்கிறதே’ என்பார்கள். நல்லது, அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அறிக்கையில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே ‘அளந்தறியும் வரம்புக்குக் கீழே’ என்று இருக்கும். வரம்பு பெரும்பாலும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது ஒரு டன்னுக்கு 10 மில்லிகிராம். அதற்குக் கீழே இருந்தால் அந்தச் சோதனை அளந்து சொல்வதில்லை, அவ்வளவுதான். அது ‘இல்லை’ என்று சொல்லவில்லை. அடுத்து, பட்டியலில் என்னென்ன மருந்துகள் இருக்கின்றன? வழக்கமான பல்மருந்துச் சோதனையில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி வராது. அதற்கு வேறு முறையில் தனியாகச் சோதிக்க வேண்டும். மான்கோசெப் வகைப் பூஞ்சைக்கொல்லிகளுக்கும் அப்படித்தான். தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் அவை சோதிக்கப்பட்டிருக்கும். கேட்காத கேள்விக்கு அறிக்கை பதில் சொல்லாது. மூன்றாவது, எந்த மாதிரி? அறிக்கையின் அடியில் ‘எங்களிடம் தரப்பட்ட மாதிரிக்கு மட்டும்’ என்று ஆய்வகம் எழுதியிருக்கும். சென்ற வருடத்து ஒரு பொட்டலத்தின் அறிக்கை இந்த வருடத்து மூட்டைகளுக்குப் பேசாது.

ஆகவே அந்த வாக்கியத்தை இப்படி மாற்றுங்கள்: ‘இந்தத் தொகுதியின் மாதிரி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது, சோதித்த பூச்சிக்கொல்லிகள் எதுவும் அளந்தறியும் வரம்பைத் தாண்டவில்லை, அறிக்கை எண் இது.’ தொகுதிக்குத் தொகுதி சோதிக்கக் கட்டுப்படியாகாது என்றால் பாக்கெட்டில் இதை எழுத வேண்டாம். கேட்பவருக்கு அறிக்கையைக் காட்டி, எந்தத் தொகுதி என்பதையும் சொல்லுங்கள்.

இப்போது ‘100% இயற்கையானது’. 2018இன் விளம்பர, உரிமைகோரல் ஒழுங்குமுறையில் ‘நேச்சுரல்’ என்ற சொல்லுக்கு வரையறை இருக்கிறது. தாவரம், விலங்கு, கனிமம், நுண்ணுயிர் இவற்றில் ஒன்றிலிருந்து வந்த தனிப் பொருளாக இருக்க வேண்டும்; எதுவும் சேர்த்திருக்கக் கூடாது; வறுத்தல், உலர்த்தல், உறையவைத்தல் போன்ற, உண்ணத் தகுந்ததாக்கும் வேலைகள் மட்டுமே நடந்திருக்கலாம். தேன் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், வறுத்த வேர்க்கடலை சொல்லிக்கொள்ளலாம். எட்டுப் பொருள் கலந்த சத்துமாவு சொல்ல முடியாது. அது ‘இயற்கையான பொருள்களிலிருந்து செய்தது’ என்று சொல்லலாம், எட்டில் ஒவ்வொன்றும் அந்த வரையறைக்குள் வந்தால். வாசனைக்கு வெனிலா எசன்ஸ் இரண்டு சொட்டு விட்டால் அந்த உரிமையும் போயிற்று. ‘100%’ என்ற எண்ணுக்கு வரையறையே கிடையாது. லேபிளிலும் விளம்பரத்திலும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் அறிவுறுத்தியிருக்கிறது.

நம் மொழியில் இங்கே ஒரு சிக்கல் கூடுதல். ‘இயற்கை’ என்று தமிழில் எழுதினால் வாங்குபவர் இயற்கை வேளாண்மை என்றும் படிப்பார், ஒன்றும் சேர்க்காதது என்றும் படிப்பார். முன்னதற்கு ஒரு சட்டம், பின்னதற்கு வேறு சட்டம். பாக்கெட்டின் ஆங்கிலப் பக்கத்தை ஆலோசகரிடம் கொடுத்து ஒழுங்காக எழுதுகிறார்கள். தமிழ்ப் பக்கத்தை அச்சகத்துத் தம்பி நிரப்பிவிடுகிறார். ஆங்கிலத்தில் ‘ஆர்கானிக் பொருள்களைக் கொண்டு செய்தது’, தமிழில் ‘சுத்தமான இயற்கை உணவு’! கூடுதலாக எந்த மொழியில் எழுதினாலும் அது கட்டாயத் தகவலோடு முரண்படக் கூடாது என்பது விதி. எனவே ‘இயற்கை’ என்று தனியே விடாமல், ‘சான்று பெற்ற அங்கக வேளாண்மையில் விளைந்தது’ என்றோ ‘வேறெதுவும் சேர்க்காதது’ என்றோ எதைச் சொல்கிறீர்களோ அதை முழுதாக எழுதுங்கள்.

கடைப் பெயரிலோ பிராண்டிலோ ‘நேச்சுரல்’, ‘ப்யூர்’, ‘ஃப்ரெஷ்’ என்று வைத்திருப்பவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். அது வாங்குபவரைக் குழப்பும் என்றால், ‘இது பிராண்டின் பெயர் மட்டுமே, பொருளின் தன்மையைக் குறிப்பதல்ல’ என்ற கருத்தில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் போட வேண்டும். ஆசையாகப் பெயர் வைத்துவிட்டு அதன் அடியிலேயே மறுப்பு எழுதுவது சங்கடமான வேலைதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஊர்ப் பெயரையோ ஆற்றின் பெயரையோ வைத்துக்கொண்டு போகலாம்.

மீதி மூன்றையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பிரிசர்வேட்டிவ் சேர்க்காதது’ என்பதைச் செய்முறைத் தாளும் கொள்முதல் பில்லும் நிரூபிக்கும். ஆனால் அந்த வகை உணவில் பிரிசர்வேட்டிவ் சேர்க்கவே அனுமதி இல்லை என்றால், சேர்க்கவில்லை என்று பெருமைப்படுவது மற்றவர்கள் சேர்க்கிறார்கள் என்று மறைமுகமாகச் சொல்வதாகும். கோடெக்ஸ் பொது நெறிகளே இதை ஏற்பதில்லை. ‘பாரம்பரியம்’ என்றால் அந்தச் செய்முறை குறைந்தது 30 ஆண்டாகவோ தலைமுறைகளாகவோ பெரிதும் மாறாமல் இருந்து வந்ததைக் காட்ட வேண்டும். சத்துமாவு பழையது, அதில் பாதாமும் பச்சைப்பயறும் இந்த அளவில் சேர்ந்தது பழையதா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும். சர்க்கரை நோய் வாக்கியத்தை அப்படியே அடித்துவிடுங்கள். உணவு நோயைத் தீர்க்கும் என்று சொல்ல எந்த ஆர்கானிக் சான்றும் உதவாது. தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை, ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52, 53ஆம் பிரிவுகள் சொல்கின்றன. வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடுவதும் விளம்பரம்தான்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சான்றுள்ள பொருளையும் மற்றதையும் வேறுபடுத்திக் காட்டும்படி அடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ‘ஆர்கானிக்’ என்ற பெரிய பலகையின் கீழே சான்றில்லாத நாட்டுச்சர்க்கரையை வைத்தால், அந்தப் பலகையே நாட்டுச்சர்க்கரைக்குச் சொன்ன பொய்யாகிவிடும்.

சரி, நம் பாக்கெட்டைத் திருத்தி எழுதுவோம். பொட்டுக்கடலை மில் இன்னும் சான்றுக்குள் வரவில்லை, ஆகவே 87 சதவீதம். முன்பக்கத்தில்: ‘சத்துமாவு. ஆர்கானிக் கேழ்வரகு, கம்பு, தினை, பச்சைப்பயறு கொண்டு செய்தது.’ பின்பக்கத்தில் எட்டுப் பொருளும் எடை இறங்குவரிசையில், நான்குக்கு எதிரே உடுக்குறி, அடியில் ‘உடுக்குறியிட்டவை சான்று பெற்ற அங்கக விளைபொருள், மொத்தத்தில் 87%’. சான்றளித்த அமைப்பின் பெயர், சான்று எண், உரிம எண், தொகுதி எண். ‘நிறமோ மணமூட்டியோ சேர்க்கவில்லை’ என்று வேண்டுமானால் ஒரு வரி, அது உண்மையாகவும் அந்த உணவில் சேர்க்க அனுமதி உள்ளதாகவும் இருந்தால். பழைய பாக்கெட்டைவிடச் சொற்கள் குறைந்துவிட்டன, விவரம் கூடிவிட்டது. மில் சான்றுக்குள் வந்ததும் 95 ஆகும். அன்று ‘ஆர்கானிக் சத்துமாவு’ என்று பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள், இது செலவு சம்பந்தப்பட்டது. கவர் அச்சடிக்கும் சிலிண்டர் போடுவதற்கு முன்பே லேபிள் வரைபடத்தைச் சான்றளிக்கும் அமைப்புக்கு அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தமிழ்ப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் முறை ஸ்டிக்கர் லேபிளில் குறைந்த எண்ணிக்கையில் போடுங்கள். ஆண்டுச் சான்று புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். சான்று காலாவதியான நாளுக்குப் பிறகு பாக்கெட் போட்ட ஒவ்வொன்றும், கவர் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், சாதாரணச் சத்துமாவுதான்.